பாதிக்கு மேல் விற்றும் கையைக் கடிக்கும் கிட்: வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு முதல் சரக்கு கொடுக்கும் முறை

சென்னையில் ஒரு அழகுசாதன பிராண்டுக்கு வீட்டிலிருந்தே விற்கப் பெண்களைச் சேர்க்கும்போது, போனில் வரும் முதல் கேள்வி பொருளைப் பற்றியதாக இருக்காது. "எவ்ளோ கட்டணும்?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை பேரைச் சேர்த்து விடணும்?" சங்கிலி வியாபாரத்தில் ஏற்கெனவே பணம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், அல்லது அக்கா தங்கை சுட்டுக்கொண்டதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டுக்கும் எங்கள் பதில் பூஜ்யம். ஆள் சேர்ப்பதற்குக் காசு கொடுத்தால் அது 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் தடைச் சட்டத்தில் போய் நிற்கும். சேர்க்கைக் கட்டணம் வாங்குவதையும், இவ்வளவு சரக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் 2021-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே விளம்பரத்தின் முதல் வரியே "முன்பணம் இல்லை, ஆள் சேர்க்க வேண்டாம்" என்று இருந்தது. "வீட்டிலிருந்தே மாதம் 30,000" என்று போட்டால் போன் நிறைய வரும். ஆனால் வருபவர்கள் வருமானத்தைத் தேடி வருபவர்கள், விற்கத் தெரிந்தவர்கள் அல்ல.

விற்கத் தெரிந்தவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "போன மாசம் உங்க வீட்டு வாசல்ல எத்தனை பெண்கள் வந்து நின்னாங்க, எதுக்கு?" பிளவுஸ் தைப்பவர், டியூஷன் எடுப்பவர், சுயஉதவிக் குழுக் கணக்கு எழுதுபவர் உடனே பதில் சொல்வார்கள். இன்ஸ்டாகிராமில் ஐயாயிரம் பேர் தொடர்கிறார்கள் என்பவர் கொஞ்சம் யோசிப்பார். பிளவுஸ் அளவெடுக்க வந்தவள் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுத்தான் போவாள். காஜல் விற்கும் இடம் அதுதான்.

ஆட்களைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. முதல் சரக்கை எந்தக் கணக்கில் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று, அவர் தள்ளுபடி விலையில் மொத்தமாக வாங்கி, எம்.ஆர்.பி.க்கு விற்று மார்ஜின் எடுத்துக்கொள்வது. மற்றது, சரக்கு கம்பெனியுடையதாகவே இருந்து, விற்றதற்கு மட்டும் கமிஷன் வாங்குவது. காகிதத்தில் இரண்டும் இருபது சதவீதம்தான். ஆனால் கொளத்தூரில் ஒருவரின் முதல் முப்பது நாள் கணக்கை எடுத்து வைத்தால் வித்தியாசம் தெரியும்.

அவருக்குப் போன கிட் இது: 299 ரூபாய் லிப்ஸ்டிக் ஆறு ஷேடில் இரண்டிரண்டாகப் பன்னிரண்டு, 180 ரூபாய் காஜல் எட்டு, 199 ரூபாய் ஃபேஸ்வாஷ் ஆறு, 349 ரூபாய் சன்ஸ்கிரீன் நான்கு. எம்.ஆர்.பி. கணக்கில் மொத்தம் 7,618 ரூபாய். முப்பது நாளில் விற்றது ஐந்து லிப்ஸ்டிக், எட்டு காஜலும், மூன்று ஃபேஸ்வாஷ், ஒரு சன்ஸ்கிரீன். வசூல் 3,881. பாதிக்கு மேல் போய்விட்டது. புது ஆளுக்கு இது நல்ல விற்பனைதான்.

இதே கிட்டை இருபது சதவீதத் தள்ளுபடியில் சொந்தக் காசுக்கு வாங்கியிருந்தால் 6,094 ரூபாய் முன்கூட்டியே கொடுத்திருப்பார். 3,881 வசூலான பிறகும் 2,213 ரூபாய் கைக்கு வரவேண்டியது பாக்கி. அலமாரியில் 3,737 ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்பது உண்மை. அதைக் கொண்டு பள்ளி ஃபீஸ் கட்ட முடியாது. இந்த இடத்தில்தான் 299 ரூபாய் லிப்ஸ்டிக்கை 200-க்குத் தள்ளிவிடத் தோன்றும். அடுத்த தெருவில் விற்பவருக்கு அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் போய்விடும். விலை உடைந்தால் மறுபடி ஒட்டாது. விற்பனையாளர் "நேர்மையில்லாமல்" விலையைக் குறைத்தார் என்று புலம்பும் பிராண்டுகள் முதலில் தங்கள் கிட்டின் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

கமிஷன் முறையில் அதே விற்பனைக்கு அவர் கையில் 770 ரூபாய் நின்றது. பெரிய தொகை இல்லை. அதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அவர் பணம் ஒரு ரூபாய்கூட முடங்கவில்லை. "முன்பணம் வாங்காமல் சரக்கோடு ஓடிப்போனால்?" என்று கேட்பார்கள். 7,618 என்பது எம்.ஆர்.பி. எங்கள் அடக்கவிலை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. நஷ்டமானால் எவ்வளவு என்று தெரிந்துதான் கிட்டின் அளவை வைத்தோம். முகவரியை நேரில் பார்த்து, அடையாள அட்டை நகல் வாங்கிக்கொண்டால் போதும்.

கமிஷனைச் சதவீதத்தில் சொல்லாமல் ரூபாயில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. லிப்ஸ்டிக்குக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 299-இல் வரி போக 253 ரூபாய் சொச்சம். கம்பெனிக் கணக்கர் இருபது சதவீதத்தை இந்த 253-இன் மேல் போடுவார்; 50 ரூபாய் 68 காசு வரும். விற்பவர் 299-இன் மேல் மனக்கணக்கு போட்டு 60 ரூபாய் என்று வைத்திருப்பார். ஒரு லிப்ஸ்டிக்குக்கு ஒன்பது ரூபாய், ஐந்து லிப்ஸ்டிக்குக்கு நாற்பத்தைந்து. தொகை சின்னது, ஆனால் "நம்மள ஏமாத்துறாங்க" என்று தோன்ற இது போதும். ஆகவே லிப்ஸ்டிக்குக்கு 60, காஜலுக்கு 35, ஃபேஸ்வாஷுக்கு 40, சன்ஸ்கிரீனுக்கு 70 என்று கிட் பெட்டியின் மூடியிலேயே ஒட்டினோம். மாதக் கடைசிவரை காக்க வைக்காமல் சனிக்கிழமைதோறும் கொடுத்தோம். ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டுபவருக்கு 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கவேண்டும்; பான் எண் இல்லாவிட்டால் அது 20 சதவீதமாகிவிடும். சேரும் அன்றே பான் எண் வாங்கிவிட்டால் பின்னால் சங்கடம் இல்லை.

பில் யார் பெயரில் போகிறது என்பதிலும் கவனம் வேண்டும். சரக்கு வீட்டுக்குப் போகும்போது டெலிவரி சலான். விற்றதும் கம்பெனி பெயரில் பில். கம்பெனியின் சரக்கை ஏஜென்டாக வாங்கி வைத்து, தன் பெயரில் பில் போட்டு விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவர் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவேண்டிய நிலை வரும். அதைத் தவிர்க்க, கம்பெனியின் க்யூ.ஆர். அட்டையைக் கொடுத்தோம். வாடிக்கையாளர் பணம் நேரே அங்கே போகும். அவருடைய சொந்த ஜிபேயில் வந்தால் அது பால் காசோடும் கேஸ் காசோடும் கலந்து, சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது இரண்டு பேருக்கும் முகம் சுருங்கும்.

இனி மிச்சமிருந்த ஏழு லிப்ஸ்டிக். பழுப்பு சார்ந்த ஷேடுகள் முதல் வாரமே போய்விட்டன. அடர் பிளம், பளிச்சென்ற ஆரஞ்சு, ஃபியூஷியா அப்படியே இருந்தன. கேட்லாக்கில் அழகாக இருப்பதும் தெருவில் போட்டுக்கொண்டு நடப்பதும் வேறு. ஆறு ஷேடில் இரண்டிரண்டு என்று சமமாகப் பிரித்துக் கொடுத்தது எங்கள் தவறு. பிறகு ஓடும் ஷேடு மூன்றில் மூன்று மூன்றும், மற்றவை ஒவ்வொன்றுமாக மாற்றினோம். டெஸ்டர் மட்டும் ஆறுக்கும் போகும். கையில் போட்டுப் பார்த்து ஃபியூஷியா கேட்பவருக்கு மறுநாள் அனுப்பிக்கொள்ளலாம். முப்பதாவது நாள் சீல் உடையாத எதையும் வேறு ஷேடுக்கு மாற்றித் தருகிறோம். கூரியர் எங்கள் செலவு.

சீல் உடைந்தால் அதை விற்க முடியாது. உதட்டிலும் கண்ணிலும் படும் பொருளில் இதற்குச் சமாதானமே கிடையாது. ஆனாலும் இது நடக்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாகத் திறந்து ஒரு கோடு போட்டுவிடுவார், "வேணாம்க்கா" என்று திருப்பி வைத்துவிடுவார். அதற்குத்தான் டெஸ்டர். அதையும் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் புறங்கையில் மட்டும் போடவேண்டும். உதட்டில் நேராகத் தேய்க்கக் கூடாது, காஜலைக் கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு கிட்டுக்கு ஒரு துண்டு இப்படி வீணானால் கம்பெனி ஏற்கும் என்று வைத்தோம். அந்த விதி இல்லாதபோது, தேய்த்த நுனியைத் துடைத்து மூடி வைத்து விற்கப்படும். திறந்து பார்த்தால் சரிந்த முனை மழுங்கியிருப்பதே காட்டிக்கொடுக்கும்.

சென்னையில் இன்னொன்று, ஏப்ரலிலிருந்து ஜூன் வரையான வெயில். மதியம் ஸ்கூட்டி டிக்கியில் ஒரு மணி நேரம் இருந்த காஜல், மூடியைத் திறந்ததும் சாய்ந்து நிற்கும். லிப்ஸ்டிக்கின் மேல் சிறு சிறு எண்ணெய்த் துளிகள் வியர்வைபோல் நிற்கும். சூட்டில் உள்ளிருக்கும் எண்ணெய் மெழுகிலிருந்து பிரிந்து மேலே வருவதுதான் அது. கெட்டுப்போனது என்று பயப்படவேண்டாம், ஆனால் வாடிக்கையாளருக்கு விற்கவும் வேண்டாம். திருப்பி அனுப்பினால் மாற்றுவோம். கிட் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். பூஜை அலமாரியும் கேஸ் அடுப்புக்கு மேல் தட்டும் வேண்டாம். அக்னி நட்சத்திர நாட்களில் காலை பத்து மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல்தான் பார்சல் எடுக்கச் சொல்கிறோம்.

விற்பவருக்குக் கம்பெனி செய்யக்கூடிய பெரிய துரோகம் சொந்த இணையதளத்தில் முப்பது சதவீதத் தள்ளுபடி போடுவது. அவர் 299 சொல்லும்போது வாடிக்கையாளர் போனைத் திருப்பி 209 காட்டுவார். அன்றோடு விற்பவர் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். தள்ளுபடி போட்டே ஆகவேண்டும் என்றால், அதே விலை அதே நாளில் அவருக்கும், ரூபாய்க் கமிஷன் குறையாமல். அது கட்டுப்படி ஆகவில்லை என்றால் தள்ளுபடியே வேண்டாம். அதேபோல ஒரே குடியிருப்பில் இரண்டாவது ஆளைச் சேர்ப்பதில்லை.

ஸ்டேட்டஸ் வைக்கப் படமும் இரண்டு வரி வாசகமும் நாங்களே அனுப்புகிறோம். "ஏழே நாளில் பரு போகும்" என்று அவர்கள் ஆர்வத்தில் எழுதிவிட்டால் பொருள் மருந்து என்ற கணக்கில் போய்விடும். யாருக்காவது அரிப்போ சிவப்போ வந்தால், பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்துக் கம்பெனி எண்ணுக்கு அனுப்பினால் போதும். பணம் திரும்பப் போகும், அவர் கமிஷனில் கைவைப்பதில்லை. கைவைத்தால் அடுத்த புகார் எங்களுக்கு வரவே வராது.

சிலர் மூன்றாவது மாதம் "போதும் மேடம், பாப்பாக்கு எக்ஸாம்" என்பார்கள். சரக்கை எண்ணி, சலானோடு ஒப்பிட்டு, எடுத்துக்கொண்டு வரும் ஆளின் கையிலேயே கடைசிக் கமிஷனைக் கொடுத்தனுப்புகிறோம். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்குவது அதற்குப் பிறகுதான். முதலில் நீக்கிவிட்டுப் பிறகு சரக்கு கேட்டுப் போன் செய்தால், அந்தப் பெட்டி திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.