எந்தத் தலைப்பைச் சோதிப்பது

கணக்கு மென்பொருள் விளம்பரம் அது. ஓடிக்கொண்டிருந்த தலைப்பு, ‘கணக்கு வேலை இனி எளிது’. அதற்கு எதிராக இறக்கி, எதற்குக் கிளிக் அதிகம் என்று பார்க்க இரண்டு புதிய தலைப்புகள் கையில் இருந்தன. என்னுடையது: ‘மாதக் கணக்கு ஒரே மணி நேரத்தில்’. கூட வேலை பார்க்கும் தம்பி எழுதியது: ‘கணக்கு நினைத்தாலே தூக்கம் போகிறதா?’

மூன்றையும் ஓட்டலாமே என்று தோன்றும். இருந்த பணத்துக்கு விளம்பரம் மொத்தம் 30,000 முறைதான் காட்டப்படும். பழைய தலைப்பை நூறு பேர் பார்த்தால் இரண்டு பேர் கிளிக் செய்வார்கள். அது இரண்டரை ஆனதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லவே ஒவ்வொரு தலைப்பையும் 14,000 முறை காட்ட வேண்டும். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்தாயிரம்தான். ஆகவே புதியது ஒன்றுதான்.

என்னுடையதைத் தேர்ந்தெடுத்தேன். கிளிக் செய்து வருகிறவர் பார்க்கும் பக்கத்தின் முதல் வரியிலேயே அந்த ஒரு மணி நேரக் கணக்கு விளக்கப்பட்டிருந்தது. தூக்கம் பற்றிய கேள்விக்கு அங்கே பதிலே இல்லை. கேள்வித் தலைப்பு சும்மா எட்டிப் பார்க்கிறவர்களையும் இழுக்கும், ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போகும். வந்தவர்களில் எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று பார்த்து அதைச் சரிக்கட்டலாமா என்றால், 300 கிளிக்குக்குப் பதிவு பதினைந்து வந்தாலே அதிகம். அவ்வளவு சின்ன எண்ணில் எதையும் பிரித்தறிய முடியாது. கிளிக்கை மட்டுமே அளக்க முடியும் என்றால், கிளிக்கை நம்பக்கூடிய தலைப்பைத்தானே சோதிக்க வேண்டும்?

தம்பி கேட்டது இது: “அக்கா, உங்க தலைப்பு பழசுக்குப் பக்கத்துலயே இருக்கு. வித்தியாசம் வந்தாலும் சின்னதா வரும். அதைப் பார்க்க நம்மகிட்ட ஆள் போதுமா?”

வலுவான கேள்வி. இரண்டு சதவீதம் மூன்றாகுமா என்று பார்க்கத் தலைப்புக்கு 4,000 முறை காட்டினால் போதும். ஆள் குறைவாக இருக்கும்போது துணிச்சலான மாற்றத்தைச் சோதிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இதை நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய வித்தியாசம் வேடிக்கை பார்ப்பவர்களால் வந்தது என்றால், அதைத் துல்லியமாக அளந்து என்ன செய்வது?

முடிவு வந்தது. தலைப்புக்கு 15,000 முறை. பழையதுக்கு 300 கிளிக், புதியதுக்கு 345. நல்ல ஏற்றம்தான். ஆனால் இரண்டு தலைப்புக்கும் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு இடைவெளி நூற்றுக்கு ஏழு தடவை தற்செயலாகவே வரும். ஜெயித்தது என்று எழுத மனம் வரவில்லை. “நம்பிக்கை தருகிறது, உறுதியில்லை” என்று எழுதி அனுப்பினேன்.

தம்பி சொன்ன மாதிரியே சின்ன வித்தியாசம், போதாத ஆள். அதற்காக அவருடைய தலைப்பை இறக்கியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தின் முதல் வரியையும் அந்தக் கேள்விக்குப் பொருந்த மாற்றி, இரண்டையும் சேர்த்துச் சோதித்திருக்கலாம். அப்படிச் செய்தால் வேலை செய்தது தலைப்பா பக்கமா என்று தெரியாது. அது தெரிந்தே ஆக வேண்டுமா என்பதில்தான் இப்போது எனக்குச் சந்தேகம்.