கலங்கல் வளைவில் பொய் வளைவும் மெய் வளைவும்

கலங்கலை அளந்து வரைந்த பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் வளர்ச்சிக் கோடு கடைசியில் ஒழுங்காக வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை உரக்கடையில் கிடைக்கும் உயிர்ப் பூஞ்சைக்கொல்லிப் பொடியிலிருந்து எடுத்த கிருமிதான். பொடியில் டால்க் கலந்திருக்கும், அதுவே நீரைக் கலங்க வைக்கும். அதனால் அகார் தட்டில் இழுத்து, தனிக் காலனியிலிருந்து தொடங்கினேன்.

தாமத நிலையில் உணவுக்குக் குறைவே இல்லை. பழைய கல்சரின் செல்லில் ரைபோசோம் கம்மி. முதலில் அதைக் கட்ட வேண்டும். ஸ்போர் இருந்தால் அது முளைக்கவும் நேரமாகும். வேகமாக இரட்டிக்கும் மடக்கை நிலையிலிருந்து எடுத்து விதைத்தால் இந்தக் காத்திருப்பு நன்றாகவே சுருங்குகிறது.

அப்புறம் 37 டிகிரியில் 30 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பு; கலங்கல் அளவு 0.08, 0.16, 0.32. இங்கேயும் உணவு தாராளம். செல் தன் புரதங்களைச் செய்து முடிக்கும் வேகம்தான் வரம்பு.

அடுத்தது 0.64 வரவேண்டும். என் எல்.இ.டி. மீட்டர் 0.51 காட்டியது. இங்கேதான் பலர் தேக்க நிலை வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். செல்கள் நெருக்கமானால், ஒரு செல் சிதறடித்த ஒளியை இன்னொன்று திருப்பி உணரியிலேயே விழ வைக்கும்; கலங்கல் குறைவாகத் தெரியும். என் மீட்டரில் 0.4க்கு மேல் எதையும் நேரடியாக நம்பமாட்டேன். 1 மில்லி கல்சரோடு அதே ஊட்டக்குழம்பு 3 மில்லி சேர்த்து அளந்தேன்: 0.16. நான்கால் பெருக்கினால் 0.64. கோடு வளையவே இல்லை! வெறும் தண்ணீர் வேண்டாம், கிருமியில்லாத குழம்பால் பூஜ்ஜியம் வைத்த பிளாங்க் மாறிப்போகும். க்யூவெட்டில் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு அளக்க வேண்டும்.

அடுத்த அரைமணியில் 1.28 வரவேண்டிய இடத்தில், நீர்த்து அளந்தும் 0.92தான். இது மெய்யான வளைவு. 250 மில்லி குடுவையில் 150 மில்லி ஊற்றியிருந்தேன். பக்கத்தில் 50 மில்லி மட்டும் ஊற்றி, அதே வேகத்தில் குலுக்கிய குடுவை 1.24 காட்டியது. ஆக, இங்கே கட்டுப்படுத்தியது ஆக்சிஜன். 37 டிகிரி நீரில் லிட்டருக்கு 7 மில்லிகிராம்கூடக் கரையாது. குலுக்கல் நிரப்புவதைவிட வேகமாகச் செல்கள் குடித்துவிடுகின்றன.

இறப்பு நிலைக்குக் கலங்கலை நம்ப முடியாது. செத்த செல்லும் உடையும்வரை ஒளியை மறைக்கும். உயிரோடு இருப்பவற்றை எண்ணத் தட்டுதான் வழி.

ஊட்டக்குழம்புப் பொடியைச் சின்ன டப்பாவாக வாங்குங்கள், மழைக்காலத்தில் கட்டிபிடித்துவிடும். அளந்து முடித்ததைக் குக்கரில் வைத்துக் கொன்றுவிட்டுத்தான் கொட்டுவேன்.

50 மில்லிக் குடுவையும் பிறகு ஓரிடத்தில் நின்றது. அங்கே தீர்ந்தது கார்பனா என்று பார்க்க, நின்றதும் கொஞ்சம் குளுக்கோஸ் சேர்க்கப் போகிறேன். அமிலம் ஏறினால் அதுவே வளர்ச்சியை நிறுத்தும் என்பதால், பி.எச். தாள் முதலில் வாங்க வேண்டும்.