அரசாணை வந்த பிறகும் நடந்த என் வழக்கு

2022-இல் கடை வாசலில் நடந்த தகராறில் ஒருவர் இரும்புக் குழாயால் அடித்து என் இடது மணிக்கட்டு முறிந்தது. போலீஸ் இந்திய தண்டனைச் சட்டம் 326-இன் கீழ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எதிரி மீது என்ன குற்றம் என்று கோர்ட்டே எழுதிப் பதிவு செய்யும் குற்றச்சாட்டும் வனைந்தாகிவிட்டது. சாட்சி சம்மனுக்காகக் காத்திருந்தேன். 2023-இல் ஒரு வாய்தா அன்று பெஞ்ச் கிளார்க் சொன்னார்: "உங்க கேஸை வாபஸ் வாங்க ஏ.பி.பி. மனு போட்டிருக்காரு." ஏ.பி.பி. என்றால் கோர்ட்டில் அரசுக்காக வழக்கை நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர்.

புகார் கொடுத்த நான் எதையும் வாபஸ் வாங்கவில்லையே! நேராக ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர், "சார்ஜ் ஷீட் போட்டதோட எங்க வேலை முடிஞ்சுது, இனி கோர்ட்டுதான்" என்றார். தட்டிக் கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி என்று என் வக்கீல் விளக்கினார். குற்றப்பத்திரிகை போடுவதா வேண்டாமா என்பது போலீஸின் முடிவு. அதில் அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு நடக்கும்படி போலீஸுக்கு உத்தரவிட முடியாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு வந்த பிறகு வழக்கை நடத்துவதும், குற்றவியல் விசாரணை முறைச் சட்டம் 321-இன்படி அதைக் கைவிடக் கேட்பதும் அரசு வழக்கறிஞரின் பொறுப்பு. அதற்கும் கோர்ட்டின் சம்மதம் வேண்டும்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார், அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. குற்றச்சாட்டு வனைவதற்கு முன் வாபஸ் ஆனால் எதிரி விடுவிக்கப்படுவார், அவ்வளவுதான். வனைந்த பிறகு ஆனால் அது முழு விடுதலை. அதே குற்றத்துக்கு மறுபடி வழக்கே போட முடியாது.

நகல் மனு போட்டு அந்த மனுவை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். அரசாணையின் எண், தேதி, "மேற்படி ஆணையின்படி வழக்கைத் திரும்பப் பெற அனுமதிக்க வேண்டுகிறேன்" என்ற வரி, கையெழுத்து. என் எக்ஸ்ரே பற்றியோ, மூன்று சாட்சிகள் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஆட்சேபனை மனு அந்த ஓட்டையைத்தான் பிடித்தது. கேரள சட்டமன்ற ரகளை வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கோர்ட்டின் சம்மதத்தைக் கேட்கும் முன் அரசு வழக்கறிஞர் சுயமாக ஒரு கருத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று. அரசு யோசனை சொல்லலாம். ஆனால் ஆவணங்களைப் படித்து, கைவிடுவது பொது நீதிக்கு உதவுமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். அப்போதிருந்த சட்டத்தில் பாதிக்கப்பட்டவரைக் கேட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எங்கள் மாஜிஸ்திரேட் கேட்டார். இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 360-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே நிம்மதி தருகிறது.

விசாரணை நாளில் மாஜிஸ்திரேட் ஏ.பி.பி.யிடம் கேட்டது ஒன்றுதான்: "காயச் சான்றிதழைப் பார்த்தீங்களா? உங்க கருத்து என்ன?" அவர் அரசாணையையே மறுபடி காட்டினார். மனு தள்ளுபடி ஆனது.

இரண்டு வாய்தா கழித்து நான் கூண்டில் ஏறினேன். விசாரித்தவர் அதே ஏ.பி.பி.தான். இந்த முறை வழக்குக் கட்டு முழுவதையும் படித்துவிட்டு வந்திருந்தார். எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, "மணிக்கட்டை மடக்கிக் காட்டுங்க" என்றார். பாதிக்கு மேல் மடங்கவில்லை. அதைப் பதிவு செய்யச் சொன்னார்.