வெள்ளைப்பலகையிலிருந்து அட்டவணைக்கு

ஹட்டனில் நேற்று முழுக்க மழை. காரியாலயத்து வெள்ளைப்பலகையில் இருந்த வாரக் கூட்ட நேரசூசியைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "தம்பி, இதை எல்லாரும் பார்க்கிற மாதிரி கூகிள் ஷீட்ஸில போடுங்க" என்றார் இணைப்பாளர் அக்கா. பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

நாம் நேரத்தை 10.30 என்று புள்ளி வைத்துத்தானே எழுதுகிறோம்? அப்படியே தட்டினால் ஷீட்ஸ் அதைச் சாதாரண எண்ணாக எடுத்து 10.3 என்று காட்டுகிறது. 10:30 என்று போட்டால்தான் அதற்கு அது நேரம். அப்புறம் வரிசைப்படுத்தினேன். பின்னேரம் 2.00 மணி மாதர் சங்கக் கூட்டம், காலை 9.00 மணிக் கூட்டத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. 14:00 என்று மாற்றி மறுபடி வரிசைப்படுத்தியதும் இறங்கியது. கிழமையிலும் இதே கூத்து: அகரவரிசையில் செவ்வாய்க்குப் பிறகுதான் திங்கள் வரும். அதனால் 1 முதல் 5 வரை தனி நிரல் ஒன்று வைத்து, அதைக்கொண்டு அடுக்கினேன்.

பலகையில் "மேலே உள்ளபடி" என்பதற்கு இரண்டு கோடுகள் இருந்தன. வரிசை மாறினால் அந்த "மேலே" வேறொன்றாகிவிடும் என்பதால் இடத்தின் பெயரை ஒவ்வொரு வரியிலும் முழுதாக எழுதினேன்.

புதனிலிருந்து வியாழனுக்கு ஓர் அம்புக்குறி மட்டும் புரியவில்லை. கூட்டம் மாறியதா, இரண்டு நாளும் நடக்குமா? ஊகிக்காமல் அக்காவுக்கே அழைத்துக் கேட்டேன்.

"அதுவா, போன மாசம் போட்டது தம்பி. அழிக்க மறந்துட்டோம்."