வேட்டி ரோஸ் கலரில் தெரிந்தது: டிவிடி பிளேயரும் மூன்று வண்ண கேபிளும்

அத்தை வீட்டில் ஒரு பழைய டிவிடி பிளேயர் இன்னும் நன்றாக ஓடுகிறது. மகனின் கல்யாண டிவிடிக்காகவே அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இத்தனை நாள் மஞ்சள் பின் உள்ள சாதாரண ஏவி கேபிளில்தான் படம் ஓடியது. அதில் படம் கொஞ்சம் மங்கல், பட்டுச்சேலைக் கரையின் சிவப்பு பக்கத்தில் கசிந்து நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பின் உள்ள காம்பொனென்ட் கேபிள் போட்டால் தெளிவாக வரும் என்பதால் ஒன்று வாங்கி மாட்டினோம். நிறத்துக்கு நிறம் சரியாக மாட்டி, டிவியில் காம்பொனென்ட் இன்புட்டைத் தேர்ந்தெடுத்ததும் படம் வந்தது. ஆனால் எல்லாமே ஊதா.

"என்னப்பா இது, வேட்டியெல்லாம் ரோஸ் கலர்ல தெரியுது?" என்றார் அத்தை. கேபிள் வாங்கிய கடையில் சொன்னதும் வேறு கேபிள் மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் அதே ஊதா. டிவி பேனல் போயிருக்கும் என்றார் வந்து பார்த்த ஒருவர். பேனல் போயிருந்தால் மஞ்சள் கேபிளிலும் நிறம் கெட்டிருக்க வேண்டும். அதில் வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆக, கோளாறு இந்த மூன்று கம்பி வழியில்தான் என்பது உறுதி.

அத்தை வேட்டியைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. இந்தக் கோளாறில் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளையைத்தான். காரணத்தைச் சொல்கிறேன். பின்களின் நிறத்தைப் பார்த்து, சிவப்புக் கம்பியில் சிவப்பும் நீலக் கம்பியில் நீலமும் போகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். காம்பொனென்ட் முறையில் அப்படி இல்லை. பச்சைக் கம்பியில் முழுக் கறுப்பு-வெள்ளைப் படமும் போகிறது. படத்தை நிலையாக நிறுத்தும் சிங்க் துடிப்பும் அதில்தான் இருக்கிறது. நீலக் கம்பியில் போவது அந்தக் கறுப்பு-வெள்ளையிலிருந்து நீலம் எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்ற வித்தியாசம் மட்டும். சிவப்புக் கம்பியில் சிவப்பின் வித்தியாசம். பச்சைக்கு என்று தனியாக எதுவும் வராது. மற்றதை வைத்து டிவியே கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும்.

வெள்ளையிலும் சாம்பலிலும் நிறமே இல்லை. அதனால் வேட்டி வரும் இடத்தில் பச்சைக் கம்பியில் 0.7 வோல்ட் அளவுக்கு சிக்னல் இருக்கும், சிவப்பிலும் நீலத்திலும் பூஜ்யம் இருக்க வேண்டும். நிறம் இருந்தால் அந்த இரண்டும் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் 0.35 வோல்ட் வரை போய்வரும். அத்தை வீட்டுப் படத்தில் வெளிச்சம் கூடக்கூட ஊதாவும் கூடியது. இரவுக் காட்சியும் படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையும் சுத்தமாக இருந்தன. வாசலில் கட்டிய வாழைமரத்தின் இலை மட்டும் பச்சையே இல்லாமல் வெளிறித் தெரிந்தது. பிளேயர் காம்பொனென்டுக்குப் பதில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் அப்படியே அனுப்பும் ஆர்ஜிபி முறையில் அனுப்பினால் இப்படித்தான் ஆகும். ஆர்ஜிபியில் வெள்ளைக்கு மூன்று கம்பியிலும் 0.7 வோல்ட் வரும். அதைப் பார்க்கும் டிவி, 'சிவப்பும் நீலமும் ஏகத்துக்குக் கூடுதல்' என்று புரிந்துகொண்டு ஊதாவைக் கொட்டுகிறது. கறுப்பு இரண்டு முறையிலும் பூஜ்யம்தான், அதனால் அது தப்பிக்கிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை செய்தோம். சிவப்பு, நீலப் பின்களைக் கழற்றிவிட்டு பச்சையை மட்டும் விட்டேன். சரியான காம்பொனென்டாக இருந்தால் இயல்பான கறுப்பு-வெள்ளைப் படம் கிடைக்கும், சிவப்புச் சேலை நடுத்தரச் சாம்பலாகத் தெரியும். எங்களுக்குக் கறுப்பு-வெள்ளைப் படம் வந்தது. ஆனால் மணப்பெண்ணின் சிவப்புக் கூறைச்சேலை கிட்டத்தட்டக் கரியாக இருந்தது, மடிப்புகூடத் தெரியவில்லை. அந்தக் கம்பியில் பச்சை நிறம் மட்டும் வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சில பிளேயர்கள் ஆர்ஜிபியில் பச்சைக் கம்பியோடு சிங்க் அனுப்பாது. அப்படி இருந்தால் படம் உருண்டுகொண்டே இருக்கும், அல்லது டிவி சிக்னலே இல்லை என்று சொல்லிவிடும்.

ஆர்ஜிபி ஏன் இருக்கிறது என்றால், ஐரோப்பிய டிவிகளில் உள்ள ஸ்கார்ட் சாக்கெட்டுக்காக. பிளேயருக்குள் ஒரே மூன்று வெளியீடுகளை மெனுவில் சொல்வதற்கு ஏற்ப இதற்கோ அதற்கோ மாற்றிக்கொள்வார்கள். மஞ்சள் கேபிள் இதில் சேராது. அதனால்தான் செட்டிங் மாறிக் கிடந்தும் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

சரிசெய்வதற்கு மஞ்சள் கேபிளையும் திரும்ப மாட்டினேன். ஊதாப் படத்தில் மெனுவைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சில டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே சாக்கெட்தான் இருக்கும். அங்கே முதலில் மஞ்சளை மட்டும் செருகி, மெனுவை மாற்றிவிட்டு, அப்புறம் பச்சைக்கு வர வேண்டும். ரிமோட்டில் SETUP அழுத்தினால், VIDEO OUTPUT என்ற வரி மங்கலாக இருந்தது, தேர்ந்தெடுக்க முடியவில்லை. டிஸ்க்கை வெளியே எடுத்த பிறகுதான் அது உயிர் பெற்றது. பல பிளேயர்களில் இப்படி ஒரு பூட்டு உண்டு. உள்ளே S-VIDEO, YUV, RGB, P-SCAN என்று நான்கு இருந்தன. RGB-யில் நின்றிருந்தது. YUV என்று மாற்றியதும் வேட்டி வெள்ளையானது. வேறு பிளேயரில் அதையே COMPONENT என்று எழுதியிருக்கலாம். படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பாமல் எல்லா வரிகளையும் ஒரே முறையில் அனுப்பும் P-SCAN-ஐ டிவி ஏற்கும் என்று தெரிந்தால் மட்டும் தொட வேண்டும். பழைய டப்பா டிவிகளில் பெரும்பாலும் படம் கிழிந்து இரண்டாகத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கோளாறை ஒரு புரொஜெக்டரில் பார்த்தேன். அதன் கம்ப்யூட்டர் சாக்கெட்டில் அடாப்டர் வைத்து இதே பிளேயரைக் கொடுத்தபோது திரை முழுக்கப் பச்சை. பிளேயர் இப்போது காம்பொனென்ட் அனுப்புகிறது, புரொஜெக்டரோ ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளைக்குப் பச்சைக் கம்பியில் மட்டும்தான் வோல்ட் இருப்பதால் வெள்ளை பச்சையாகிறது. புரொஜெக்டர் மெனுவில் சிக்னல் வகையை காம்பொனென்ட் என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

வேட்டி வெள்ளையாகவே இருந்து, முகங்கள் மட்டும் நிறம் மாறினால் மெனுவை விட்டுவிடலாம், அது கம்பிக் கோளாறு. சிவப்புக் கம்பி அறுந்தாலோ பின் தளர்ந்தாலோ முகம் பச்சை கலந்த மஞ்சளாகும். நீலக் கம்பி போனால் முகம் ஊதா கலந்த ரோஸ். இரண்டையும் மாற்றிச் செருகியிருந்தால் முகம் நீலமாக வரும். பின்னைப் பிடித்து மெதுவாக அசைத்தாலே நிறம் வந்து வந்து போவதைக் காணலாம். படத்தோடு ஆடியோவும் சேர்ந்த ஐந்து பின் கேபிளில் சிவப்பு இரண்டு இருக்கும், ஒன்று படத்துக்கு, ஒன்று வலது ஸ்பீக்கருக்கு. அவை இடம் மாறியிருந்தால் முகம் பச்சையடிப்பதோடு வலது ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று ஓயாத இரைச்சலும் கேட்கும்.