விடுதி விதிகளை அன்பாக எழுதினோம், ஒரு விதியும் தளரவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சங்கம் ஒரு சின்ன ஆண்கள் விடுதி நடத்துகிறது. சுற்றுத் தோட்டங்களிலிருந்து பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பையன்கள், படிவம் 1 முதல் 5 வரை, அங்கே தங்கிப் படிக்கிறார்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் பழைய விதிப் பட்டியல் ஒட்டியிருந்தது. வரிக்கு வரி ‘கண்டிப்பாகத் தடை’, ‘கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’. முதல் தடவை வீட்டைவிட்டு வரும் பையனை அம்மா அப்பா பக்கத்தில் நிறுத்தி அதைப் படிக்கவைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை, செயலவைக் கூட்டத்தில் சொன்னேன், சரி நீங்களே மாற்றி எழுதுங்கள் என்று என்னிடமே கொடுத்துவிட்டார்கள். வார்டன் அண்ணன் மட்டும் ஒன்று சொன்னார்: “அன்பா எழுதுங்க, வேணாங்கல. ஆனா ராத்திரி கேட்டுல நிக்கிறவன் நான். எனக்கு அந்தப் பேப்பர் உதவணும்.”

அதனால் எழுதுவதற்கு முன்னால் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு விதிக்கும் மூன்று கேள்வி கேட்டேன். யார் என்ன செய்ய வேண்டும்? செய்தானா இல்லையா என்று யார் பார்ப்பது? மீறினால் நிஜமாகவே நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மூன்றாவது கேள்வியில்தான் விஷயமே இருந்தது. ‘கடும் நடவடிக்கை’ என்று எழுதியிருந்த பாதி இடங்களில் அவர் செய்தது வீட்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான். ‘சத்தமாகச் சிரிக்கக் கூடாது’ மாதிரி வரிகளுக்கு அவரிடம் பதிலே இல்லை, ஏனென்றால் யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை கேட்பதும் இல்லை. அப்படிப்பட்டவற்றைத் தனியாக எழுதி, செயலவையின் ஒப்புதலோடுதான் நீக்கினோம். எழுதுகிறவர் தானாக ஒரு விதியை விட்டுவிடக் கூடாது. இதற்கு மாறாக, பட்டியலில் இல்லாத ஒன்று பல காலமாக நடைமுறையில் இருந்தது: மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பெரிய பையன்கள் இரவில் சாவியை வார்டனிடம் கொடுப்பது. அதை எழுத்தில் சேர்த்தோம்.

அப்புறம்தான் நடை. இரவு நேர விதியைச் சொல்கிறேன், எங்களுக்கு அதிக வேலை வைத்தது அதுதான். பழைய வரி இப்படி இருந்தது: ‘இரவு 9 மணிக்கு மேல் வெளியே செல்வது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.’ எதற்கு வெளியே? அறைக்கா, கேட்டுக்கா? வெளியே போவதுதான் தடை என்றால், போனவன் பிந்தி வருவது? டியூஷன் 9.15க்கு முடிகிற பையன் என்ன செய்வான்? குரல்தான் கடுமை, உள்ளே பிடிமானம் இல்லை. செயலவையில் ஒருவர் ‘தம்பிகளே, 9 மணிக்குள் வந்துவிட முயற்சி செய்யுங்கள், நாங்கள் கவலைப்படுவோம் அல்லவா’ என்று எழுதித் தந்தார். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் 9.40க்கு வந்தவன் “முயற்சி செஞ்சேன் சார்” என்றால் விதிப்படி அவன் சொல்வது சரிதான்.

கடைசியில் இப்படி எழுதினோம்:

‘இரவு 9 மணிக்கு கேட்டைப் பூட்டுவோம். அதற்குள் நீங்கள் உள்ளே வந்துவிட வேண்டும். டியூஷன் இருந்தால் 9.45 வரை வரலாம். அதற்கு மாதத் தொடக்கத்திலேயே வகுப்பு நாளையும் நேரத்தையும் வார்டனிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பஸ் வரவில்லையா? உங்கள் நேரம் முடிவதற்குள் வார்டனுக்கு போன் செய்யுங்கள், அழைத்து வர ஏற்பாடு செய்வோம், அன்றைக்குப் பிந்தியதாக எழுத மாட்டோம். சொல்லாமல் பிந்தினால் முதல் முறை வார்டன் உங்களோடு பேசி நோட்டில் எழுதுவார். அதே மாதத்தில் இரண்டாம் முறை என்றால் வீட்டுக்கு போன் போகும். மூன்றாம் முறை என்றால் அடுத்த சனி, ஞாயிறு பட்டணத்துக்குப் போக அனுமதி இல்லை.’

பழையதைவிட நீளம்தான். ஆனால் அன்பு எங்கே இருக்கிறது பாருங்கள்: ‘நீங்கள்’ என்று நேராகப் பேசுவதில், பஸ் வராத பையனுக்கு வழி சொல்வதில், அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியவைப்பதில். ‘வேண்டும்’ என்ற இடத்தில் கை வைக்கவே இல்லை. ‘இயன்றவரை’, ‘பெரும்பாலும்’, ‘முயற்சி செய்யுங்கள்’ மூன்றையும் பட்டியல் முழுக்கத் தேடி எடுத்தேன். ‘நாம் அனைவரும் துவைக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்திருப்போம்’ மாதிரி வரிகளையும் எடுத்தேன். எல்லாருடைய வேலை என்றால் யாரும் செய்வதில்லை. ‘துவைத்து முடித்தவர் கிளம்புவதற்கு முன் தரையை அலசிவிட வேண்டும்’ என்றால் வார்டன் ஒருவனைப் பார்த்துக் கேட்க முடியும்.

காரணம் சொன்னால் பையன்கள் ஏற்றுக்கொள்வார்கள், அது உண்மை. ஆனால் காரணத்தை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ‘மின்சாரப் பளு கூடும் என்பதால் அறையில் கெட்டில் பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதினால், “ஒன்னுதானே சார் போட்டேன், பளு கூடலையே” என்பான் படிவம் 5 பையன். அதனால் விதி முதலில் தனி வாக்கியம்: ‘அறையில் கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் பயன்படுத்தக் கூடாது. வெந்நீர் வேண்டுமானால் சமையலறையில் எந்நேரமும் கிடைக்கும்.’ அதன் கீழே, சின்ன எழுத்தில் காரணம்: 2000 வாட் கெட்டில் 9 ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும், இரண்டு அறைக்காரர்கள் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டும், அது தாங்குவது 13தான். காரணம் தன்மேல் பொருந்தவில்லை என்று ஒருவன் வாதாடினாலும் மேலே விதி அப்படியே நிற்கிறது.

எல்லா விதிக்கும் ஒரே இனிமை வேண்டியதில்லை என்பதும் என் கருத்து. சின்னப் பையன்களை அடிப்பது, மிரட்டுவது, பணம் பிடுங்குவது, இவற்றுக்கு ‘பேசி நோட்டில் எழுதுவோம்’ படிக்கட்டெல்லாம் இல்லை. ‘செய்தால் அன்றே பெற்றோரை அழைப்போம். செயலவை விசாரித்து முடிக்கும்வரை நீங்கள் விடுதியில் தங்க முடியாது.’ அங்கே அன்பு அடிபட்டவன் பக்கம்: யாரிடம் சொல்லலாம், சொன்னது யார் என்று வெளியே தெரியாது என்பதை இரண்டு வரியில் எழுதினோம்.

எழுதி முடித்ததும் பையன்களிடம் “புரிஞ்சுதா?” என்று கேட்கவில்லை, கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். கதையாகக் கேட்டேன். “டியூஷன் முடிஞ்சுது, பஸ் வரல, கைப்பேசியில சார்ஜ் இல்ல. பத்து மணிக்கு கேட்டுல நிக்கிற. என்ன ஆகும்?” ஒருவன் ஒன்றும் ஆகாது என்றான், இன்னொருவன் நோட்டில் எழுதுவார் என்றான். இரண்டு பதில் வந்தால் விதியில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ‘உங்கள் கைப்பேசி வேலை செய்யாவிட்டால் டியூஷன் ஆசிரியரிடமோ கடையிலோ கேட்டு போன் செய்ய வேண்டும்’ என்று சேர்த்து, வார்டன் எண்ணை ஒவ்வொருவருடைய விடுதி அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தோம். அதே கதைகளை வார்டனிடமும், வாரக்கடைசியில் அவருக்குப் பதில் வரும் அண்ணனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நடவடிக்கையைச் சொன்ன விதிகளை மட்டும் முடிந்ததாக வைத்துக்கொண்டேன்.

மலாய்ப் பிரதியும் போட்டோம், தமிழ் சரளமாக வாசிக்க வராத பையன்கள் இருக்கிறார்கள். விதி எண்கள் இரண்டிலும் ஒன்றே. ‘வேண்டும்’ என்பதற்கு ‘மெஸ்தி’, ‘செய்யலாம்’ என்பதற்கு ‘போலே’ என்று வரும் மலாய் வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். முரண் வந்தால் தமிழ்ப் பிரதியே செல்லும் என்று இரண்டிலும் கீழே எழுதி, பையனும் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட நகலைக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

வருகையாளர் விதி மட்டும் இன்னும் பாக்கி. தோட்டத்திலிருந்து வரும் மாமா, சித்தப்பாவை அறைவரை விடுவதா, வரவேற்பறையோடு நிறுத்துவதா என்று செயலவை முடிவு செய்யவில்லை. முடிவாகாத ஒன்றை நல்ல தமிழில் எழுதி மூடி மறைக்க முடியாது, அதனால் அந்த எண்ணுக்கு நேரே பழைய வரியையே விட்டுவைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சு.