மடிப்பாக்கத்து வீடு: 21,000 கேட்டேன், 17,000-க்கு விட்டேன்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீடு இருக்கிறது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. மெட்ரோ வாட்டர் இணைப்பும் மூடிய கார் நிறுத்துமிடமும் உண்டு. நான்கு ஆண்டுகளாக 14,500 ரூபாய் வாடகையில் இருந்த குடும்பம் 2024 ஜூன் இறுதியில் காலி செய்தது. இத்தனை ஆண்டுகள் குறைந்த வாடகைக்கு விட்டுவிட்டோமே என்ற ஆதங்கத்தில் புதிய வாடகையை 21,000 என்று நிர்ணயித்தேன். அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்பதில்தான் முதல் தவறு இருந்தது.

இணையத்தில் எங்கள் பகுதிக்கு வந்திருந்த விளம்பரங்களைப் பார்த்தேன். இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு 18,000 முதல் 24,000 வரை கேட்டிருந்தார்கள். நடுவில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டேன். அவையெல்லாம் உரிமையாளர்கள் கேட்கும் வாடகையே தவிர, யாரும் கொடுத்த வாடகை அல்ல என்பது அப்போது உறைக்கவில்லை. அதைவிட மோசமான இன்னொன்றும் இருக்கிறது. சரியான வாடகை கேட்ட வீடு பத்து நாளில் போய்விடுகிறது, அதன் விளம்பரமும் மறைந்துவிடுகிறது. அதிகம் கேட்ட வீடுதான் வாரக்கணக்கில் திரையில் நிற்கிறது. ஆகவே, எந்த ஒரு நாளில் பார்த்தாலும் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் போகாத வீடுகளின் பட்டியலே. பின்னாளில் வீடு தேடுபவனைப் போலப் பேசிப் பத்து எண்களை அழைத்துப் பார்த்தேன். நான்கு வீடுகள் எப்போதோ வாடகைக்குப் போயிருந்தன; தரகர்கள் அழைப்பு வருவதற்காக விளம்பரத்தை நீக்காமல் வைத்திருந்தார்கள். மூன்று பேர் நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "நேரில் வாங்க சார், பேசிக்கலாம்" என்றார்கள்.

என் எண்ணத்துக்கு நெய் வார்த்தவர் ஒரு தரகர். 22,000 கூடப் போகும், மெட்ரோ ரயில் வருகிறது என்றார். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் ஐந்தாவது வழித்தடம் மடிப்பாக்கம் வழியாக வருவது உண்மைதான். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடிவருபவருக்கு வரப்போகும் ரயில் எதற்கு? அவர் அப்போது பார்த்தது தோண்டிய சாலையையும் மாற்றுப்பாதை நெரிசலையும்தான். விற்பனை விலைக்கு உதவும் காரணத்தை வாடகைக்குச் சொல்லி அந்தத் தரகர் என்னை ஏமாற்றினார், நானும் ஏமாற ஆசைப்பட்டேன்.

ஜூலை 6 அன்று ஒரு குடும்பம் வீட்டைப் பார்த்தது. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை. அந்த அம்மாள் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கணவர் கேட்டார். கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் அளவு நின்றது என்று உள்ளதைச் சொன்னேன். 17,500 தருகிறோம், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும், 12-ஆம் தேதி வரலாமா என்றார்கள். நான் 20,000-க்குக் கீழே இறங்க முடியாது என்றேன். அவர்கள் மரியாதையாக விடைபெற்றுப் போனார்கள்.

ஜூலை 17 அன்று ஆடி பிறந்தது. அதற்குப் பிறகு அழைப்புகள் ஏறக்குறைய நின்றுபோயின. ஆடியில் நம்மவர்கள் வீடு மாற மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. ஆனால் அதை வாடகைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஜூலை முதல் வாரத்தில் வீட்டைக் காலியாக வைத்திருப்பவர் ஒரு வார வாய்ப்பை இழந்தால், அவர் உண்மையில் இழப்பது ஐந்து வாரங்களை. மார்கழியும் அப்படியே. பள்ளி திறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் பத்து நாள் பிடிவாதம் பிடிக்கலாம், ஆனி மாதக் கடைசியில் அது கட்டுப்படியாகாது.

இதற்கிடையில் ஒரு வீண் பயணமும் நேர்ந்தது. நான் இருப்பது திருச்சியில். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முன்பணத்தோடு வருகிறார் என்று தரகர் சொன்னதை நம்பி இரவுப் பேருந்தில் சென்னை வந்தேன். வந்தவர் தன் வயதான தாயாரையும் அழைத்து வந்திருந்தார். முதல் மாடித் திருப்பத்திலேயே அந்தத் தாயார் நின்றுவிட்டார். லிஃப்ட் இல்லை என்று தரகர் அவர்களிடம் சொல்லவே இல்லை. வீட்டின் குறையை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது வீட்டுக்காரருக்குத்தான் லாபம் என்பதை அன்று கற்றேன். வராத பத்துப் பேரைவிட வந்து திரும்பும் ஒருவரால்தான் செலவு அதிகம்.

அன்று மாலைவரை நேரம் இருந்ததால், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். தெருவில் உண்மையில் என்ன வாடகைக்கு வீடுகள் போகின்றன என்று விசாரித்தேன். சங்கச் செயலாளர், எதிர்க் கட்டடத்துக் காவலாளி, தெருமுனையில் துணி தேய்க்கும் அம்மா ஆகிய மூவரிடமிருந்து நான்கு வீடுகளின் முடிந்த வாடகை கிடைத்தது. எந்த வீட்டில் யார் வந்தார்கள், எவ்வளவுக்கு வந்தார்கள் என்பதில் துணி தேய்க்கும் அம்மாவின் தகவல்தான் மிகத் துல்லியம். பின்னர் இரண்டு குடித்தனக்காரர்களிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடி வீடு, என்னுடைய அதே அளவு, கார் நிறுத்துமிடத்தோடு மே மாதத்தில் 17,500-க்குப் போயிருந்தது. முதல் மாடி வீடு கார் நிறுத்துமிடம் இல்லாமல் 17,000. எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, கார் நிறுத்துமிடம் உண்டு, ஆனால் உப்புத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணறு மட்டுமே: 16,000. அடுத்த தெருவில் லிஃப்ட் உள்ள புதிய கட்டடத்தின் மூன்றாவது மாடி 19,500. நான்கிலும் பராமரிப்புக் கட்டணம் தனி. இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பராமரிப்பு உட்பட 19,000 என்பதும் பராமரிப்பு நீங்கலாக 17,000 என்பதும் எங்கள் பகுதியில் ஒன்றுதான்.

இந்த நான்கையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றையும் என் வீடாக மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாவது மாடி வீட்டிலிருந்து ஒரு மாடி ஏறுவதற்கு 500 கழித்தால் 17,000. எதிர்க் கட்டடத்து வீட்டோடு நல்ல தண்ணீருக்கு 1,000 கூட்டினாலும் 17,000. லிஃப்ட் வீடு இந்த ஒப்பீட்டுக்கே பொருந்தாது. அதைத் தேடி வருபவர்கள் வேறு. சதுர அடிக் கணக்கையும் நான் விட்டுவிட்டேன். ஒருவர் பொதுப் பரப்பையும் சேர்த்து அளவு சொல்கிறார், இன்னொருவர் சுவருக்குள் இருப்பதை மட்டும் சொல்கிறார். இந்த வகை வீட்டுக்கு வாடகைக்காரர் அறைகளின் எண்ணிக்கைக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

மறுக்கப்பட்ட அந்த 17,500 ரூபாய், தெருவில் எனக்குக் கிடைக்கக்கூடிய வாடகையின் உச்சம் என்பது அப்போதுதான் புரிந்தது. திரும்பும் பேருந்தில் கணக்குப் போட்டேன். வீடு காலியாக இருந்தால் 17,500 வாடகை போவதோடு, 2,000 பராமரிப்பையும் நான்தான் கட்ட வேண்டும். மாதம் 19,500, அதாவது ஒரு நாளைக்கு 650 ரூபாய். வாடகையில் 1,000 குறைத்தால் பதினொரு மாதத்தில் இழப்பது 11,000. அதை 650-ஆல் வகுத்தால் 17 நாள். ஆகவே, ஆயிரம் ரூபாய் குறைப்பதால் 17 நாளைக்கு முன்னதாக ஆள் வந்துவிட்டால் குறைத்ததே லாபம். இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. வருபவர் மூன்று ஆண்டு இருப்பார் என்றால், ஆண்டுதோறும் உயர்த்தும் வாடகையும் அந்தக் குறைந்த எண்ணிலிருந்தே தொடங்கும். அப்போது 55 நாள் வரைகூடப் பொறுத்திருக்கலாம். அப்படிப் பொறுப்பதற்கும் அந்த வாடகையைக் கொடுக்கும் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். 21,000-க்கு அப்படி ஒருவரும் இல்லை.

விளம்பரத்தைத் திருத்தினேன். வாடகை 17,500, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்த "சைவக் குடும்பத்துக்கு மட்டும்" என்ற வரியை நீக்கினேன். அதனால் வீட்டில் நல்லது நடக்கும் என்று நம்பும் உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள், ஆனால் அந்த வரிக்கான நாளொன்றுக்கு 650 ரூபாயை அவர்கள் தருவதில்லை. முன்பணத்தை ஒன்றரை லட்சத்திலிருந்து ஒரு லட்சமாகக் குறைத்தேன். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 300-க்கும் குறைவுதான் வருகிறது. அதற்காக மொத்தப் பணம் புரட்ட முடியாத நல்ல குடும்பங்களை இழக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதையும் நினைவில் வைத்து, ஒரு லட்சத்தை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிக்கொண்டேன்.

ஆடி கழியும் வாரத்தில் மூன்று பேர் பார்த்தார்கள். தரமணியில் வேலை செய்யும் ஓர் இளம் தம்பதியர் 16,500 என்றார்கள். பேச்சின் நடுவே அந்தப் பெண் ஜன்னலுக்குக் கொசுவலை இல்லையே என்று இரண்டு முறை சொன்னதைக் கவனித்தேன். எல்லா ஜன்னலுக்கும் வலை போட்டுத் தருகிறேன், வாடகை 17,000 என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்கள். வலைக்கு 6,000 ரூபாய் ஆனது. 500 குறைத்திருந்தால் ஓராண்டில் அதே தொகை போயிருக்கும், அடுத்த ஆண்டும் போய்க்கொண்டிருக்கும். வலை சுவரோடு என் வீட்டில் நிற்கிறது. போன கோடையில் 85,000 செலவழித்துச் சமையலறைக்குப் போட்ட அலமாரிகளைப் பற்றி வந்தவர் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வாடகை நிலையில் வசதிகள் தொகையை அதிகம் உயர்த்துவதில்லை. பார்க்க வந்தவர் தயங்காமல் சரி என்று சொல்ல வைக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 23 அன்று பால் காய்ச்சினார்கள். ஜூலை 12-இலிருந்து எண்ணினால் 42 நாள், 27,300 ரூபாய். மாதம் 500 குறைந்ததற்குப் பதினொரு மாதத்துக்கு 5,500. பேருந்துக் கட்டணம் தனி. ஜூலையில் வந்த அந்தக் குடும்பம் எங்கே போனது என்று துணி தேய்க்கும் அம்மாவிடம் கேட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள், 17,500 என்றார்.